இருபத்தேழு மில்லிமீட்டர் பெருமை

எங்கள் குடும்பத்தில் என்னை டாக்டர் என்றுதான் சொல்வார்கள். நான் டாக்டர் இல்லை. கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்கோ டெக்னீஷியன். நெஞ்சில் பசையைத் தடவி, கருவியை வைத்து, திரையில் இதயம் அடிப்பதைப் பார்த்து அளவெடுத்துக் கொடுப்பது என் வேலை. இதை நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். கேட்டு முடித்ததும், "அதான், ஹார்ட் டாக்டர்" என்பார்கள். அப்பா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே என் பள்ளி ரிப்போர்ட் கார்டில் போடுவதற்காக. அம்மாவுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. கைநாட்டு வைக்க ஸ்டாம்ப் பேடு இருந்தது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் வெள்ளைக் கோட்டுப் போட்டால் அவள் டாக்டர்தான். கொஞ்ச நாளில் நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

நான் படித்தது சிதம்பரத்தில், மாமா வீட்டில் தங்கி. மாமா, அம்மாவின் தம்பி. மனை வாங்கி விற்கும் தரகர். எதையும் சதுர அடியில் யோசிப்பவர். என் படிப்பு தன்னால்தான் என்பது அவர் கணக்கு. மூன்று வேளை சோறு போட்டதால் பாதி பட்டம் அவருடையது என்று எனக்கும் தோன்றும்.

அப்பா கடலூர் முதுநகரில் மீன் ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டியவர். உடம்பு முடியாமல் வண்டியை விற்ற பிறகுதான் ஒருநாள் எங்கள் மருத்துவமனைக்கு வந்து, "நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி இருக்குது பாப்பா" என்றார். ஈ.சி.ஜி. எடுத்தோம். துடிப்புகளுக்கு இடையே ஒழுங்கே இல்லை. இதயத்தின் மேலறைகள் ஒரே சீராகச் சுருங்காமல் சும்மா நடுங்கிக்கொண்டிருந்தன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்.

நடுக்கத்தால் ஆள் உடனே சாவதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இடது மேலறையின் ஓரத்தில் கட்டைவிரல் போல ஒரு சின்னப் பை தொங்குகிறது. கருவில் இருந்தபோது மிஞ்சியது. அறை நன்றாகச் சுருங்கும்வரை அந்தப் பைக்குள் போகும் இரத்தம் திரும்பி வந்துவிடும். அறை வெறுமனே நடுங்கினால் இரத்தம் அங்கேயே தேங்கும், உறையும். அந்த உறைகட்டி எப்போதாவது கழன்று வெளியே வந்தால் நேராக மூளைக்குப் போகலாம். பக்கவாதம். அதனால் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுப்பார்கள். அப்பாவுக்கும் கொடுத்தார்கள்.

அப்பாவின் குடல் அந்த மாத்திரையை ஏற்கவில்லை. குடல் சுவரில் மெல்லிய இரத்தக் குழாய்கள் சில புடைத்துக்கொண்டிருந்தன. மாத்திரை உள்ளே போனதும் அவை கசியத் தொடங்கின. மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. ஆள் வெளுத்துப்போய் இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. வேறு மாத்திரை, குறைந்த அளவு. மறுபடி கசிவு. கசியும் இடங்களைக் கருவி விட்டுச் சுட்டு அடைத்தார்கள். வேறு இடத்தில் கசிந்தது. மாத்திரையை நிறுத்தினால் மூளைக்கு ஆபத்து, கொடுத்தால் குடலுக்கு. அப்பா எந்த வாசல் வழியாகப் போவது என்று எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தோம்.

சொந்தக்காரர்களிடம் யோசனைக்குப் பஞ்சமில்லை. குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த ஒரு பெரியம்மா மாதுளை என்றார். அம்மா பீட்ரூட்டை அரைத்து அரைத்து மிக்சியே சிவந்துபோனது. மாமா மட்டும், "இன்னாருக்கு இன்னாரைத் தெரியும், பெரிய இடத்துல காட்டிடலாம்" என்றார். காட்டினோம். புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனை. அவர் சொன்ன இன்னாரை அங்கே யாருக்கும் தெரியவில்லை. நான்தான் வரிசையில் நின்று டோக்கன் வாங்கினேன்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. பொறுமையாக ஒரு ரப்பர் இதயத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தப் பையோட வாயை உள்ளேயிருந்து அடைச்சுடலாம். தொடையில இருக்கிற சிரை வழியா ஒரு குழாயை விடுவோம். வலது மேலறைக்குப் போய், நடுச்சுவரைத் துளைச்சு இடது மேலறைக்கு வருவோம். குழாய்க்குள்ள சுருக்கி வெச்ச கூண்டை இந்தப் பைக்குள்ள விரிப்போம். குடை மாதிரி விரியும். மேல துணி இருக்கும். சுத்தி சின்னச் சின்னக் கொக்கி இருக்கும், பிடிச்சுக்கும். கொஞ்ச நாள்ல உடம்பு அதுமேல தோல் மாதிரி ஒரு படலத்தை வளத்து மூடிடும். அப்புறம் அங்க இரத்தம் போகவே போகாது. தேங்காது, உறையாது."

"நெஞ்சைத் திறக்க வேணாமா?" என்றார் மாமா.

"வேணாம்."

"அப்ப சின்ன ஆபரேஷன்தானா?" அவர் குரலில் ஏமாற்றம் தெரிந்தது. சிதம்பரத்தில் போய்ச் சொல்ல அவருக்கு நெஞ்சைத் திறக்க வேண்டியிருந்தது.

"சின்னதும் இல்லை. இதயத்தைச் சுத்தி இரத்தம் கசியலாம், கூண்டு நழுவலாம். அபூர்வம். ஆனா உண்டு," என்றார் டாக்டர். "படபடப்பு இதனால போகாது. அதுக்குத் தனியா மருந்து. போட்ட பிறகு கொஞ்ச மாசம் லேசான ரெண்டு மாத்திரை, வயித்துக்கு ஒரு மாத்திரை, அப்புறம் ஒண்ணே ஒண்ணு. இந்தப் பெரிய மாத்திரை திரும்ப வராம இருக்கணும்னுதான் இதைச் செய்யறோம்."

அப்பா கைகட்டி நின்றுகொண்டே கேட்டார். படித்தவர்கள் முன்னால் அவர் உட்கார மாட்டார். நாற்காலியைக் காட்டினால் இன்னும் நிமிர்ந்து நிற்பார்.

முதலில் பையை அளக்க வேண்டும். நான் தினமும் செய்யும் எக்கோவில் நெஞ்சுக்கு வெளியே இருந்து பார்ப்பதால் அந்தப் பை சரியாகத் தெரியாது. வாய் வழியாக உணவுக்குழாயில் கருவியை இறக்கிப் பார்க்க வேண்டும். உணவுக்குழாய் அந்த அறையின் முதுகை ஒட்டியபடி போகிறது. நர்ஸ் போனில் அப்பாவிடம் சொன்னார்: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

அப்பாவிடம் படித்தவர் ஒருவர் ஒரு பங்கு சொன்னால் அவர் மூன்று பங்கு செய்வார். சைக்கிளில் ஒரு மூட்டை போதும் என்றால் மூன்று மூட்டை ஏற்றுவார். அப்பா முந்தைய நாள் காலையிலிருந்தே நிறுத்திவிட்டார். பரிசோதனை முடிந்து வந்தபோது டாக்டர் என்னிடம், "அப்பா நாக்கு வறண்டு கிடக்கு. பையும் எடுப்பா இல்லை. கூண்டு போடற அன்னைக்கு மேஜைமேலயே திரும்ப அளப்போம்," என்றார். எனக்குப் புரிந்தது. உடம்பில் நீர் குறைந்தால் அறையில் அழுத்தம் குறையும். பை காற்றுப் போன பலூன்போலத் துவண்டிருக்கும். அளவு குறைவாகத்தான் காட்டும்.

புரிந்தது எனக்குத்தான். மாமாவுக்குப் புரிந்தது வேறு.

"என்ன சைஸ் வரும்னு சொன்னாங்க?"

"இருபத்து நாலு மில்லிமீட்டர் இருக்கலாம்னாங்க மாமா."

"இதுக்கு மேல சைஸ் இருக்குதா?"

"இருக்கு. இருபத்தேழு, முப்பத்தொண்ணு, முப்பத்தஞ்சு."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலை குனிந்தார். "கடலூர் டவுன்ல இவ்வளோ நாள் வண்டி ஓட்டின மனுசனுக்கு இருபத்து நாலா?" என்றார் மாமா. "பாப்பா, நீ டாக்டரு. கொஞ்சம் எடுத்துச் சொல்லி முப்பத்தஞ்சு போடச் சொல்லு. நம்ம ஆளுக்குன்னு கேட்டா போட மாட்டாங்களா?"

"பெருசா போட்டா நல்லது இல்லை மாமா. பை கிழிஞ்சுடும்."

"கட்டட வேலையில பாத்துருக்கேன். கதவு பெருசா இருந்தாதான் வீட்டுக்கு மரியாதை."

"இது கதவு இல்லை. மூடி."

"மூடியும் பெருசா இருக்கட்டும்."

அம்மா குறுக்கே வந்தாள். "டேய், உன் மச்சினிச்சிக்கு வளையல் எடுக்கப் போனப்பவும் இதையேதான் சொன்ன. இப்ப அவ அதை முழங்கைக்கு மேல போட்டுக்கிட்டு திரியிறா."

அதோடு பேச்சு நின்றது. ஆனால் சிதம்பரத்தில் நிற்கவில்லை. சிகிச்சைக்கு முன்பே அங்கே நான்கு பேருக்கு மாமாவின் மச்சானுக்கு இதயம் சின்னது என்று தெரிந்துவிட்டது. ஒருவர் எனக்கே போன் போட்டு, பாதாம் கொடுத்தால் பெரிதாகுமா என்று கேட்டார்.

சிகிச்சை நாளில் உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் நிற்க என்னை அனுமதித்தார்கள். அதே தொழிலில் இருப்பவள் என்பதால். மாமா வெளியே தாழ்வாரத்தில் நின்று எல்லோரிடமும், "என் மருமக உள்ளதான் இருக்கா, அவதான் ஆபரேஷன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே அப்பாவை மயக்கத்தில் படுக்க வைத்திருந்தார்கள். தொடையிலிருந்து குழாய் ஏறியது. தொண்டையில் இறங்கியிருந்த கருவி பெரிய திரையில் படம் காட்டியது. நான் நாள் முழுக்கப் பார்க்கும் அதே உறுப்பு. ஆனால் இது அப்பாவுடையது என்று தெரிந்ததால் எனக்கு அதில் எதையும் பார்க்கத் தெரியவில்லை. எது பை, எது சிரை என்று இரண்டு தடவை எண்ணிக்கொண்டேன்.

சுவரைத் துளைத்து இடது அறைக்கு வந்ததும் டாக்டர் அழுத்தத்தை அளந்தார். "கம்மியா இருக்கு. சலைன் ஓடட்டும்," என்றார். பாட்டில் ஓடியது. திரையில் பை மெல்ல நிரம்பி, வாய் விரிந்தது. இப்போது இருபத்து நாலு போதாது. கூண்டு செய்யும் கம்பெனியிலிருந்து வந்து நின்ற இளைஞர் பெட்டிகளில் இருபத்தேழை எடுத்துக் கொடுத்தார். கூண்டு எப்போதும் வாயைவிட ஓரளவு பெரிதாக இருக்க வேண்டும். சுருங்கி உட்கார்ந்தால்தான் அது வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே பிடித்து நிற்கும். ரொம்ப சின்னதென்றால் நழுவும், ஓரத்தில் கசியும்.

முதல் முறை விரித்தபோது கீழோரத்தில் ஒரு நிறக்கோடு தெரிந்தது. இரத்தம் அங்கே நுழைந்துகொண்டிருந்தது. டாக்டர் அலட்டிக்கொள்ளாமல் கூண்டைத் திரும்பக் குழாய்க்குள் இழுத்துக்கொண்டார். கழற்றும்வரை அது கம்பியில்தான் மாட்டியிருக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம் என்று எனக்குத் தெரியும். பாடத்தில் படித்தது. இருந்தாலும் கண்ணாடியில் என் கை ஒட்டிக்கொண்டது. இரண்டாம் முறை கொஞ்சம் ஆழமாக விரித்தார்கள். மெல்ல இழுத்துப் பார்த்தார்கள். பை முழுதும் கூடவே வந்தது, கூண்டு அசையவில்லை. சுற்றிலும் நிறக்கோடு இல்லை. கம்பியைக் கழற்றினார்கள்.

வெளியே வந்து மாமாவிடம் சொன்னேன். "இருபத்தேழு போட்டாங்க. தண்ணி ஏத்தினதும் பை பெருசாச்சு."

மாமா இரண்டு கையையும் மேலே தூக்கினார். "நான் சொன்னேன்ல! சின்னதுன்னு சொன்னாங்களே, பாத்தியா! எங்க மச்சான் இதயம் சின்னதா!" எதிரில் இருந்த மற்ற நோயாளிகளின் உறவினர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள், யாருக்கோ என்னவோ என்று. அன்று மாலை அது சிதம்பரத்துக்கு முப்பத்தொன்றாகப் போய்ச் சேர்ந்தது. வடலூரில் இருக்கும் உறவுக்காரர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது முப்பத்தைந்து ஆகியிருந்தது. இன்னொரு நாள் கழிந்திருந்தால் அப்பாவின் இதயத்தில் பிளாட் போட்டிருப்பார்கள்.

இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். எல்லாம் ஒழுங்காக இருந்தது. கறுப்பாகப் போகவில்லை. அப்பா மாத்திரைகளை வேளை தவறாமல் போட்டார். ஒன்றரை மாதம் கழித்து மறுபடி தொண்டை வழியாகப் பார்க்க வேண்டும். கூண்டின்மேல் படலம் வளர்ந்திருக்கிறதா, ஓரத்தில் கசிவு இருக்கிறதா, மேற்பரப்பில் உறைகட்டி ஏதும் படிந்திருக்கிறதா என்று. அதுவரைதான் பயம். நான் வேலைக்குத் திரும்பினேன்.

வெயில் காலம். கடலூரில் காற்று நின்றுபோயிருந்தது. வேலையில் ஒரு நோயாளிக்கு எக்கோ எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அம்மா.

"அப்பாவுக்குப் பேச்சு கோணலா வருதுடி. எழுந்து நடந்தவரு சாஞ்சுட்டாரு. நாக்கு ஒட்டிக்குது."

"இங்கேயே கூட்டிட்டு வாம்மா" என்றேன். நான் நினைத்ததெல்லாம் ஒன்றே. கூண்டின்மேல் ஏதோ படிந்தது, கழன்றது, போய்விட்டது. இத்தனை செய்தும் எந்த வாசல் என்பதை அது தானே தேர்ந்தெடுத்துவிட்டது. ஷேர் ஆட்டோவில் அம்மாவே அப்பாவைத் தூக்கி வந்தாள். எங்கள் மருத்துவமனை வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் வைத்திருந்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒன்றும் தெரியவில்லை. ஆரம்பத்தில் தெரியாமலும் போகும் என்பது எனக்குத் தெரியும், அதனால் நிம்மதி வரவில்லை. எங்கள் டியூட்டி டாக்டர் இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். அப்பா இரண்டையும் ஒரே உயரத்துக்குத் தூக்கினார். சிரிக்கச் சொன்னார். அப்பா சிரித்தார், கோணவில்லை. இரத்த அழுத்தம் மட்டும் தரையில் இருந்தது. நாக்கு அட்டை போல இருந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவும் கொஞ்சம் ஏறியிருந்தது.

"பெரியவரே, எத்தனை நாளா தண்ணி குடிக்கல?" என்றார் டாக்டர்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"ஏம்ப்பா?"

"மச்சான் சொன்னாரு பாப்பா," என்றார் ஒட்டிய நாக்கோடு. "தண்ணி ஏத்தினதும் பை பெருத்துச்சுன்னு. பெருத்தா மூடி லூசாயிடுமில்ல. அதான் கம்மி பண்ணேன். மூடி இறுக்கமா நிக்கட்டும்னு."

யாரும் சொல்லாத கட்டளையை அவர் தானே கண்டுபிடித்து, மூன்று பங்காக நிறைவேற்றியிருந்தார். வெயிலில், காலையில் ஒரு மிடறு, மாத்திரைக்கு ஒரு மிடறு. அம்மா கொடுத்த மோரையெல்லாம் வாழைக்கன்றுக்கு ஊற்றியிருந்தார். வாழை மட்டும் நன்றாக இருந்தது.

அம்மாவுக்கு அடக்க முடியவில்லை. "யோவ், இத்தனை வருசம் வண்டி ஓட்டினியே, ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தாமதான் ஓட்டினியா? எஞ்சின் வெடிச்சாலும் பரவால்ல, மூடி டைட்டா இருக்கணுமா?"

அதற்குள் மாமா சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சின்னதானது, இருபத்து நாலுக்கும் கீழே. "நான் பெருமைக்குச் சொன்னேன் மச்சான்," என்றார் அப்பாவிடம். "குடிக்க வேணாம்னா சொன்னேன்?"

"நீ சொன்னா எதையாவது செய்யணும்னு தோணிடுது மச்சான்," என்றார் அப்பா.

நான் இருவருக்கும் விளக்கினேன். கூண்டு உலோகம், ஸ்பிரிங் மாதிரி, எப்போதும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். பை கொஞ்சம் விரிந்தாலும் அதுவும் விரிந்து கூடவே போகும். அதற்காகத்தானே பெரிதாக அளந்து போட்டது. சலைன் ஏற்றியதே அந்த விரிந்த அளவு தெரியத்தான். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மூடி இறுகாது. ஆள்தான் காய்ந்துபோவார், இரத்தமும் கெட்டிப்படும். இதை நான் ஆஸ்பத்திரி பாஷையில் சொல்லியிருந்தால் அப்பா மூன்று மடங்கு புரிந்துகொண்டிருப்பார். அதனால் ஒரு டம்ளரைக் கையில் கொடுத்து, "குடி" என்று மட்டும் சொன்னேன். குடித்தார். இரண்டாவதற்கும் டம்ளரை நீட்டினார். மூன்றாவது கேட்கும்போது பிடுங்கிக்கொண்டேன். பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. மாலைக்குள் பேச்சு தெளிவானது. அது தெளிவாக வந்ததும் முதலில் கேட்டது, சிதம்பரத்துக்குத் தகவல் போய்விட்டதா என்று.

அந்த வாரத்திலேயே புதுச்சேரிக்குப் போகும் நாள் வந்தது. பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டும். நர்ஸ் போன் செய்தபோது நான் போனை வாங்கி, எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டு, அந்த மணிவரை அப்பாவைத் தண்ணீர் குடிக்க வைத்தேன். அவர் குடித்த விதத்தைப் பார்த்தால் கெடிலம் ஆறு வற்றியதற்கு அவர்தான் காரணம் என்று தோன்றும்.

மறுபடி அந்தத் திரை. இந்த முறை எனக்கு எல்லாம் தெரிந்தது. கூண்டு நான் பார்த்த இடத்திலேயே, சாய்வில்லாமல் நின்றது. அதன்மேல் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. படலம் வளரத் தொடங்கியிருந்தது. உறைகட்டி ஏதும் இல்லை. டாக்டர் ஒவ்வொரு கோணமாகத் திருப்பி நிறத்தைப் போட்டுப் பார்த்தார். ஓரங்களில் எங்கும் நிறம் ஓடவில்லை. பைக்குள் இரத்தம் போகவில்லை. உள்ளே வெறும் கறுப்பு.

"அடைஞ்சுடுச்சு," என்றார் டாக்டர். "ரெண்டு மாத்திரையையும் சொன்ன மாசம்வரை போடட்டும், பிறகு ஒண்ணாக்கிடலாம். பழைய மாத்திரை வேணாம்."

மயக்கம் தெளிந்து அப்பா கண் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மாமாவும் அம்மாவும் கதவில் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பாப்பா தெரிஞ்சுது உள்ள?"

"ஒண்ணுமே தெரியலப்பா," என்றேன். எனக்குக் கண் நிறைந்திருந்தது. "அந்தப் பைக்குள்ள ஒண்ணுமே இல்லை."

அப்பா மாமா பக்கம் திரும்பி, கவலையோடு சொன்னார்.

"ஒண்ணுமே தெரியலையாம் மச்சான். இவ்வளோ படிச்ச புள்ளைக்கு."